மணி அடித்தால் எந்தப் படிக்கட்டு?

அடுக்குமாடிக் குடியிருப்பில் தீ எச்சரிக்கை மணி அடித்தால் யாரும் உடனே ஓடுவதில்லை. கதவைத் திறந்து எதிர்வீட்டைப் பார்ப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் “என்ன சத்தம்?” என்று கேட்பார். “டெஸ்டிங்கா இருக்கும்” என்று இன்னொருவர் பதில் போடுவார். பிறகு அடுப்பை அணைப்பார்கள், பர்ஸைத் தேடுவார்கள், பீரோவைப் பூட்டுவார்கள், உடை மாற்றுவார்கள். படிக்கட்டில் இறங்க ஆகும் நேரத்தைவிட, இறங்கத் தொடங்குவதற்கு முன் கழியும் நேரம் பல சமயம் அதிகம்.

இந்தத் தயக்கத்தை எது குறைக்கும் என்பதை இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து மெட்ரோ நிலையம் ஒன்றில் சோதித்துப் பார்த்தார்கள். கிலேன் ப்ரூ, ஜொனதன் சைம் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். மணியை மட்டும் ஒலிக்கவிட்டபோது பயணிகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஏறக்குறைய கால் மணி நேரமாகியும் நிலையம் காலியாகவில்லை. பிறகு ஒருமுறை, என்ன நடந்தது, எங்கே நடந்தது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொன்னார்கள். அப்போது ஆறு நிமிடத்துக்குள் எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் மக்கள் பதறிவிடுவார்கள் என்று பயந்து அதை மறைப்பதுதான் ஆபத்து என்பது அவர்கள் சொன்ன முடிவு.

குடியிருப்புகளில் இப்போது எடுக்கப்படும் ஒத்திகை வீடியோக்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் குறை தெரிந்துவிடும். பின்னணியில் அதிரடி இசை, சிவப்பு விளக்கு, இணையத்தில் எடுத்த தீக்காட்சிகள், கடைசியில் “பாதுகாப்பாக இருப்போம்” என்று ஒரு வாசகம். தன் கட்டடத்தில் தன் வீட்டுக் கதவிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற ஒரே கேள்விக்கு அதில் பதில் இருக்காது. அந்தப் பதிலைத் தருவதுதான் வீடியோவின் வேலை.

ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம்

சென்னையில் பரவலாகக் காணப்படும் வகையில் ஒரு கட்டடம். தரைத்தளம் முழுக்கத் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்துமிடம். மேலே ஒன்பது மாடி, மாடிக்கு ஆறு வீடு, மொத்தம் 54 வீடுகள். உயரம் சுமார் 30 மீட்டர். தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினாலே அது உயரமான கட்டடம். உயரமான கட்டடங்களில் முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் ஒத்திகை நடத்த வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறிமுறை.

இதில் இரண்டு படிக்கட்டுகள் இருக்கின்றன. முன்படிக்கட்டு லிஃப்டை ஒட்டி இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்தது. பின்படிக்கட்டு வராந்தாவின் மறுகோடியில், சாம்பல் நிறக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. குப்பை எடுப்பவரும் தண்ணீர் கேன் போடுபவரும்தான் அதில் ஏறி இறங்குகிறார்கள். 54 வீட்டுக்குமான மின் மீட்டர்கள் தரைத்தளத்தில், முன்படிக்கட்டு தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சுவரில் வரிசையாக இருக்கின்றன. நம் ஊர்க் கட்டடங்களில் இந்த அமைப்பு புதிதல்ல.

இப்போது மீட்டர் போர்டில் தீப்பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒயர்களின் பிளாஸ்டிக் உறை எரிந்தால் கரும்புகை கிளம்பும். சூடான புகை மேலே போகும். மேலே போக அதற்குக் கிடைக்கும் முதல் வழி முன்படிக்கட்டு. தீ தரைத்தளத்தை விட்டு நகராமல் இருக்கும்போதே ஏழாவது மாடி லிஃப்ட் வாசலில் புகை நிற்கலாம். தீ விபத்துகளில் பெரும்பாலோரைக் கொல்வது புகைதான் என்பதால், இந்தக் கட்டடத்துக்கு மிக மோசமான இடத்தில் பிடிக்கும் தீ இதுவே. ஒத்திகைக்கும் வீடியோவுக்கும் இந்த நிகழ்வையே எடுத்துக்கொள்ள வேண்டும். ஏதோ ஒரு சமையலறையில் எண்ணெய் பற்றிக்கொண்டதாகக் கற்பனை செய்து முன்படிக்கட்டிலேயே எல்லோரையும் இறக்கினால், தினமும் செய்வதை இன்னொரு முறை செய்ததாகத்தான் ஆகும்.

நெருக்கடியில் மனிதர்கள் பக்கத்தில் இருக்கும் வழியை விட்டுவிட்டுப் பழகிய வழியைத் தேடிப் போவார்கள் என்பதும் சைமின் ஆய்வுகள் காட்டியதே. மான் தீவின் சம்மர்லேண்ட் பொழுதுபோக்கு மையத்தில் 1973இல் 50 பேர் இறந்த தீ விபத்தை அவர் இதற்காக ஆராய்ந்தார். நம் கட்டடத்தில் பழகிய வழியில்தான் புகை இருக்கிறது. ஆகவே நான்கு நிமிட வீடியோவில் பாதிக்கு மேல் பின்படிக்கட்டுக்கே ஒதுக்க வேண்டும். பார்த்து முடிக்கும்போது அந்தச் சாம்பல் கதவு பழகிய கதவாகி இருக்க வேண்டும்.

கேமராவோடு இறங்குவது

இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு செல்போன் போதும். அதைக் கண்மட்டத்தில், தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்துக்கொண்டு, சாதாரணமாக நடக்கும் வேகத்தில் நடக்க வேண்டும். பெரும்பாலோர் இதைப் போனில்தான் பார்ப்பார்கள் என்பதால் நிற்கவைத்த வாக்கிலேயே எடுக்கலாம்.

முக்கியமான விதி ஒன்று உண்டு. திரும்பும் இடத்தில் காட்சியை வெட்டக் கூடாது. வீட்டு வாசல், அடுத்த காட்சியில் படிக்கட்டு, அதற்கடுத்து தரைத்தளம் என்று துண்டு துண்டாகக் காட்டினால் அழகாக இருக்கும். ஆனால் எந்தக் கதவைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்பினோம் என்பது மனதில் நிற்காது. வாசலிலிருந்து இடப்பக்கம் திரும்பி, இரண்டு வீட்டைக் கடந்து, சாம்பல் கதவைத் தள்ளி, முதல் படியில் கால் வைக்கும் வரை ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும்.

தனியாக இறங்கும் திடமான ஆளுக்கு ஒரு மாடி இறங்க 15 முதல் 20 நொடி ஆகும். ஒன்பது மாடிக்கு மூன்று நிமிடம் போய்விடும் என்பதால் இறக்கம் முழுவதையும் அப்படியே காட்ட முடியாது. நடுப்பகுதியை வேகமாக ஓட்டிவிடலாம். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் எழுதியிருக்கும் மாடி எண் மட்டும் தெரிந்தால் போதும். தரைத்தளத்தில் பின்படிக்கட்டு எங்கே திறக்கிறது, அங்கிருந்து வெளியே எப்படி வருவது என்பதை மீண்டும் நடை வேகத்திலேயே காட்ட வேண்டும். மேலிருந்து வருபவர்கள் குழம்பி நிற்கும் இடம் அதுதான். பலர் அந்தக் கதவு வழியாக ஒருமுறைகூட வெளியே வந்திருக்க மாட்டார்கள்.

வீட்டு வாசலிலிருந்து படிக்கட்டு வரையிலான முதல் இருபது நொடியை மட்டும் ஒவ்வொரு மாடியிலும் தனியாக எடுத்து, மீதியைப் பொதுவாக வைத்தால் ஒன்பது வீடியோக்கள் கிடைத்துவிடும். நான்காவது மாடிக்காரருக்கு நான்காவது மாடி வராந்தாவே தெரியும். அரை நாள் வேலைதான் கூடும். “இது யாருக்கோ” என்ற எண்ணம் அதோடு போய்விடும்.

கேமராவோடு இறங்கும்போது இன்னொரு வேலையும் நடந்துவிடுகிறது. கட்டடத்தின் குறைகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். எட்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு குழந்தை சைக்கிள், அதன் மேல் கிழிந்த மெத்தை. ஆறாவது மாடியில் சாம்பல் கதவை யாரோ காற்றுக்காகத் திறந்துவைத்து அடியில் பூந்தொட்டியை முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது மாடியில் நாய் வராமல் இருக்க ஒரு கிரில் கேட், அதில் பூட்டு. இவற்றைப் படத்தொகுப்பில் வெட்டிவிட்டுப் போகக் கூடாது. சரிசெய்த பிறகு அந்த இடத்தை மீண்டும் எடுக்க வேண்டும்.

பூந்தொட்டி சின்ன விஷயமாகத் தோன்றும். அந்தச் சாம்பல் கதவு தீ தடுப்புக் கதவு. தள்ளினால் திறந்து, விட்டால் தானே மூடிக்கொள்வதற்காக மேலே ஒரு கை போன்ற கருவி பொருத்தியிருக்கும். கதவு மூடியிருக்கும்வரை புகை படிக்கட்டுக்குள் எளிதில் போகாது. ஒரே ஒரு மாடியில் அது திறந்து கிடந்தால் அந்த மாடியின் புகை உள்ளே புகுந்து மேல் மாடிகளின் பாதையையும் கெடுத்துவிடும். வீடியோவில் அந்தக் கதவைக் காட்டும்போது அது தானே மூடுவதையும் முழுவதுமாகக் காட்ட வேண்டும்.

மொட்டை மாடிக் கதவையும் விட்டுவிடக் கூடாது. 2010 மார்ச் 23 அன்று கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஸ்டீபன் கோர்ட் கட்டடத்தில் தீப்பிடித்து 43 பேர் இறந்தார்கள். மேலே ஓடியவர்களை மொட்டை மாடிக்குப் போகும் பூட்டிய கதவு தடுத்துவிட்டது. திருட்டுப் பயத்துக்கும் குழந்தைகள் ஏறிவிடுவார்கள் என்ற பயத்துக்கும் பூட்டுப் போடுவது நம் வழக்கம். வெளியிலிருந்து திறக்க முடியாமலும் உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும்படியும் தாழ்ப்பாள் வைத்தால் திருட்டுப் பயம் தீர்ந்துவிடும். ஆனாலும் மொட்டை மாடி முதல் வழியாகாது. புகையும் மேலேதான் வரும். இறங்குவதுதான் வழி என்பதை வீடியோ சந்தேகமில்லாமல் சொல்ல வேண்டும்.

யார் என்ன செய்வது

ஒத்திகை என்றதும் செக்ரெட்டரியும் இரண்டு இளைஞர்களும் எல்லாப் பொறுப்பையும் எடுத்துக்கொள்வார்கள். ஞாயிறு காலை ஒத்திகை அருமையாக நடக்கும். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த மூவரும் அலுவலகத்தில் இருப்பார்கள். அப்போது கட்டடத்தில் இருப்பவர்கள் பெரியவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், வீட்டு வேலைக்கு வரும் அக்காமார், வாட்ச்மேன். அதனால் ஒவ்வொரு பொறுப்புக்கும் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் வேண்டும். பகல் பட்டியலை முதலில் எழுதிவிட வேண்டும். அதை எழுதுவதுதான் கடினம்.

முதல் பொறுப்பு தகவல் சொல்வது. தீயை யார் பார்த்தாலும் மணியை அழுத்திவிட்டு 101க்கு அழைக்க வேண்டும். 112ஐ அழைத்தாலும் சரிதான். செக்ரெட்டரியைக் கேட்டுவிட்டு அழைக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. வாட்ச்மேனின் மேசைக்கு மேலே கட்டடத்தின் முகவரி, பக்கத்து அடையாளம், மாடிகளின் எண்ணிக்கை எழுதிய அட்டை இருந்தால் பதற்றத்தில் எதுவும் விட்டுப்போகாது. வாட்ச்மேன் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருந்தால் அவர் தெருப் பெயரைச் சொல்லிப் பழக வேண்டும். வீடியோவின் குரலும் இந்தியில் இன்னொரு முறை பதிவாக வேண்டும்.

இரண்டாவது மாடிப் பொறுப்பாளர். ஆறு கதவையும் தட்டிவிட்டுத் தானும் இறங்க வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை. உள்ளே போய்த் தேடுவதோ மேல் மாடிக்குத் திரும்பி ஓடுவதோ அவர் வேலை கிடையாது. இதைக் குரலில் அப்படியே சொல்லாவிட்டால் நல்ல மனம் உள்ளவர்கள் அந்தத் தவறைச் செய்வார்கள்.

மூன்றாவது துணையாள். நடக்க முடியாதவர், கண் தெரியாதவர், காது கேளாதவர், தனியாக இருக்கும் பெரியவர் ஒவ்வொருவருக்கும் அதே மாடியிலோ அடுத்த மாடியிலோ இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வீட்டில் இல்லாவிட்டால் இன்னொருவர் இருப்பார். சக்கர நாற்காலியில் இருப்பவரை எப்படி இறக்குவது என்பதை அவரையே கேட்டு, அவர் சம்மதத்தோடு ஒத்திகைக்கு முன்பே ஒரு மாடி இறக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு பேரால் முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டால் நல்லது. அப்போது அவரை அவர் வீட்டிலேயே கதவை மூடி வைத்துவிட்டு, எந்த வீட்டில் இருக்கிறார் என்பதைத் தீயணைப்பு வீரர்களிடம் சொல்ல ஒருவரைக் கீழே அனுப்புவது என்று திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.

நான்காவது கீழே இருப்பவர்கள். ஒருவர் கேட்டை அகலத் திறந்து தீயணைப்பு வண்டி வரும் பாதையில் நிற்கும் கார்களை எடுக்கச் சொல்ல வேண்டும். இன்னொருவர் கூடுமிடத்தில் மாடிவாரியாக ஆட்களை எண்ண வேண்டும். கூடுமிடம் தரைத்தள வண்டி நிறுத்துமிடமாக இருக்கக் கூடாது, அங்கேதான் எரிகிறது. கேட் வாசலாகவும் இருக்கக் கூடாது, வண்டி வரும் வழி மறையும். நம் கட்டடத்தில் பின்பக்க மதிலை ஒட்டிய குழந்தைகள் விளையாடும் இடம் பொருத்தமாக இருக்கிறது. கட்டடத்திலிருந்து தள்ளி இருப்பதால் உடைந்து விழும் கண்ணாடியும் எட்டாது.

மின்சாரத்தை அணைப்பவர் என்று ஒருவரைப் பலர் பட்டியலில் சேர்க்கிறார்கள். இதில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். எரிகிற மீட்டர் போர்டில் கை வைப்பது எலக்ட்ரீஷியன் அல்லாதவரின் வேலையே இல்லை. மெயினை அணைத்தால் தீயணைப்புப் பம்ப்பும் சேர்ந்து நின்றுவிடுமா, படிக்கட்டின் அவசர விளக்கு எரியுமா என்பதை எலக்ட்ரீஷியனோடு முன்கூட்டியே சோதித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தப் பொறுப்பை யாருக்காவது கொடுக்கலாம்.

நிதானமான குரல் எப்படி இருக்கும்

நிதானம் என்றால் இனிமையாகவோ தாலாட்டுவது போலவோ பேசுவது என்று சிலர் நினைக்கிறார்கள். நிதானம் வாக்கியத்தின் அமைப்பில் இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் ஒரு செயல்தான் வர வேண்டும். அது ஏழெட்டுச் சொல்லைத் தாண்டக் கூடாது. வாக்கியம் முடிந்ததும் அந்தச் செயலைச் செய்து பார்க்கும் அளவுக்கு இடைவெளி வேண்டும். நான்கு நிமிடத்துக்கு மொத்தம் 300 சொல் போதும். பின்னணி இசை தேவையில்லை. கட்டடத்தின் உண்மையான எச்சரிக்கை மணியைப் பதிவுசெய்து தொடக்கத்தில் ஐந்து நொடி ஒலிக்கவிட்டால், அது எதன் சத்தம் என்ற சந்தேகம் அன்றோடு தீரும்.

குரலைப் படிக்கட்டில் பதிவுசெய்தால் எதிரொலிக்கும். ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, அறைக்குள் தனியாகப் பேசிப் படத்தோடு சேர்க்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த ஒருவரின் குரலாக இருந்தால் நல்லது. பேசுவது பேச்சு நடைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். “தீ விபத்து நேரிடும் பட்சத்தில் குடியிருப்போர் அனைவரும் அவசரகால வெளியேறும் வழியைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்” என்பதில் ஏறக்குறைய பத்துச் சொல் செலவாகியும் எந்தக் கதவு என்று தெரியவில்லை. அதே இடத்தில் இப்படிச் சொல்லலாம்:

“இது நம் கட்டடத்தின் தீ மணி. அடித்தால் நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணையுங்கள். போனையும் வீட்டுச் சாவியையும் மட்டும் எடுங்கள். வாசல் கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடு இல்லை, வெளியே புகை இல்லை என்றால் வெளியே வாருங்கள். கதவை மூடுங்கள். பூட்ட வேண்டாம். லிஃப்ட் பக்கம் போக வேண்டாம், மின்சாரம் நின்றால் உள்ளேயே மாட்டிக்கொள்வீர்கள். வராந்தாவின் மறுகோடிக்குப் போங்கள். சாம்பல் கதவைத் தள்ளுங்கள். கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள்.”

லிஃப்ட் வேண்டாம் என்பதோடு காரணமும் சேர்ந்தே வருகிறது பாருங்கள். நியூகாசிலில் மக்களை நகர வைத்தது இந்த வகைப் பேச்சுதான். காரணம் தெரிந்த விதியை ஒருவர் தனியாக நிற்கும்போதும் கடைப்பிடிப்பார்.

காரணத்தைப் போலவே நிபந்தனையும் முக்கியம். லண்டனின் கிரென்ஃபெல் டவர் 24 மாடிக் குடியிருப்பு. இருந்தது ஒரே ஒரு படிக்கட்டு. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் மற்றவர்கள் அவரவர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் சொல்லப்பட்டிருந்த அறிவுரை. தீ அந்த ஒரு வீட்டைத் தாண்டாது என்பதை நம்பிய அறிவுரை அது. 2017 ஜூன் 14 அன்று வெளிச்சுவரில் ஒட்டியிருந்த தகடுகள் வழியாகத் தீ கட்டடம் முழுக்க ஏறியபோது அந்த நம்பிக்கை உடைந்துவிட்டது. முதல் அழைப்பு இரவு 12.54க்கு வந்தது. வீட்டிலேயே இருங்கள் என்ற அறிவுரையைக் கைவிட்டபோது மணி 2.47. 72 பேர் இறந்தார்கள்.

இதிலிருந்து எழுத்தாளருக்கும் குரல் கொடுப்பவருக்கும் கிடைக்கும் பாடம், எந்தக் கட்டளையும் தனியாக நிற்கக் கூடாது என்பது. “இறங்குங்கள்” என்பதற்குப் பக்கத்தில் “எப்போது இறங்கக் கூடாது” என்பதும் வேண்டும். நம் கட்டடத்தின் வீடியோவில் அந்தப் பகுதி இப்படி வரும்:

“படிக்கட்டில் புகை இருந்தால் அதற்குள் போகாதீர்கள். இன்னொரு படிக்கட்டைப் பாருங்கள். அதிலும் புகை என்றால் வீட்டுக்குத் திரும்புங்கள். கதவை மூடுங்கள். கதவிடுக்கை ஈரத் துண்டால் அடையுங்கள். பால்கனிக்கு வந்து துணியை வீசிக் காட்டுங்கள். 101ஐ அழைத்து வீட்டு எண்ணைச் சொல்லுங்கள். புகை வீட்டுக்குள் வரத் தொடங்கினால் அதையும் சொல்லுங்கள்.”

பூட்ட வேண்டாம் என்று முன்பே சொன்னது எதற்கு என்பது இங்கே புரியும். திரும்பி வர வேண்டியிருந்தால் புகைக்குள் நின்று சாவித் துளையைத் தேட வேண்டியிருக்காது. சொன்னதையெல்லாம் கீழே தமிழ் எழுத்திலும் ஓடவிட வேண்டும். காது கேளாதவர்களுக்கும், சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்கும் அதுதான் குரல்.

காட்டக் கூடாதவை

வாட்ஸ்அப்பில் போட்ட வீடியோ கட்டடத்தோடு நிற்காது. எந்த வீட்டில் பெரியவர் தனியாக இருக்கிறார், சாவிக்கொத்து எந்த மேசையில் தொங்குகிறது, இரவில் எத்தனை வாட்ச்மேன்கள் என்பதெல்லாம் அதில் தெரியக் கூடாது. துணையாட்களின் பெயரும் வீட்டு எண்ணும் காகிதத்தில், வாட்ச்மேன் அறையிலும் மாடிப் பொறுப்பாளர்களிடமும் இருக்கட்டும். வீடியோவில் “உங்களுக்கு இறங்க உதவி வேண்டுமா? மாடிப் பொறுப்பாளரிடம் இன்றே சொல்லுங்கள்” என்ற வரி போதும். நடந்து காட்டுபவர்களாகக் குழந்தைகள் வந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

முதல் காட்சியில் எடுத்த மாதமும் ஆண்டும் எழுதியிருக்க வேண்டும். கதவின் நிறத்தை மாற்றினாலும் கூடுமிடத்தில் புதிதாக ஷெட் போட்டாலும் பழைய வீடியோ பொய் சொல்லத் தொடங்கிவிடும். புதிதாக எடுத்ததும் பழையதைக் குழுவிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

ஒத்திகை நாளில் தெரிவது

வீடியோவை ஒத்திகைக்கு ஒரு வாரம் முன்பு எல்லோருக்கும் அனுப்பலாம். ஒத்திகைக்கான தேதியைச் சொல்லிவிட்டு நேரத்தைச் சொல்லாமல் விடலாம். அருகிலிருக்கும் தீயணைப்பு நிலையத்துக்கு எழுதிக் கேட்டால் அவர்களும் வந்து பார்த்துக் குறை சொல்வார்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் என்பதால் அந்தச் சமயத்தில் கேட்பது இன்னும் எளிது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் வெடித்ததில் உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அந்த வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது.

அன்று முன்படிக்கட்டின் கீழ்ப்பகுதியிலும் மூன்றாவது மாடியிலும் “இங்கே புகை” என்று எழுதிய அட்டையோடு இருவர் நிற்க வேண்டும். இதுதான் உண்மையான சோதனை. அட்டையைப் பார்த்ததும் திரும்பிப் பின்படிக்கட்டைத் தேடிப் போகிறார்களா, அட்டை வைத்திருப்பவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தாண்டிப் போகிறார்களா என்பதை எண்ண வேண்டும். தாண்டிப் போனவர்களின் மாடியைக் குறித்துக்கொண்டால், எந்த மாடியின் முதல் இருபது நொடிக் காட்சி தெளிவில்லை என்று தெரிந்துவிடும். லிஃப்ட் பொத்தானை அழுத்தியவர்களையும் எண்ண வேண்டும்.

நேரத்தை இரண்டு இடத்தில் குறிக்க வேண்டும். மணி அடித்ததிலிருந்து ஒவ்வொரு மாடியிலும் கடைசிக் கதவு திறக்கும்வரை ஒரு நேரம். கடைசி ஆள் கூடுமிடத்துக்கு வரும்வரை இன்னொரு நேரம். பலரும் இரண்டாவதை மட்டும் குறித்துக்கொண்டு “பன்னிரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டோம்” என்று நிறைவடைவார்கள். அதில் ஆறு நிமிடம் வீட்டுக்குள்ளேயே போயிருந்தால் படிக்கட்டில் குறையில்லை. மணியைக் கேட்டவுடன் என்ன செய்ய வேண்டும் என்ற முதல் அரை நிமிடக் குரலைத்தான் மாற்றி எழுத வேண்டும். கதவுகள் சீக்கிரம் திறந்தும் கீழே வரத் தாமதமானால், நெரிசல் எந்தத் திருப்பத்தில் ஏற்பட்டது என்று மாடிப் பொறுப்பாளர்களைக் கேட்க வேண்டும்.

வேலைக்கு வரும் பெண்கள் பலருக்குக் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் இடமில்லை. அவர்களுக்கு வீடியோவைப் போனில் காட்டுவதோடு, ஒரு காலை நேரத்தில் பின்படிக்கட்டு வழியாக ஒருமுறை கூடவே இறங்கிக் காட்ட வேண்டும். பகல் வேளையில் ஒரு குழந்தையையோ படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரையோ பார்த்துக்கொள்வது பல வீடுகளில் அவர்கள்தான்.

இத்தனைக்கும் பிறகு வீடியோ உதவுகிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. போன மாதம் குடிவந்த வாடகைக்காரர் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். மறுநாள் மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் வாசலிலிருந்து பின்படிக்கட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்? இரண்டு படிக்கட்டிலும் புகை இருந்தால் என்ன செய்வீர்கள்? கீழே எங்கே வந்து யாரிடம் பெயர் சொல்வீர்கள்? எந்தக் கேள்விக்குப் பதில் தடுமாறுகிறதோ, வீடியோவில் அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் எடுங்கள். மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் அடுத்த ஒத்திகைக்குத் தேதி குறிக்கலாம்.